13 ஆய்வுகள், ஒரு சாய்கோடு: செங்கல்பட்டில் பிசிஜி ஏன் பொய்த்தது?

கோவில்பதாகையிலும் ஆவடியிலும் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில நாட்களிலேயே இடது தோளுக்குக் கீழே ஓர் ஊசி விழும். சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் சிறு கொப்புளம் வந்து ஆறி, ஆயுளுக்கும் ஒரு தழும்பு நிற்கும். அதுதான் பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. இந்த ஊசியைப் பற்றி மருத்துவ உலகத்தை மிகவும் குழப்பிய ஆய்வு, இதே நிலப்பகுதியில், ஆவடியைத் தாண்டி மேற்கே போகும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. அந்தக் காலத்தில் இவையெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதனால் உலக மருத்துவ நூல்களில் அந்த ஆய்வுக்குச் 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே பெயர்.

1968 முதல் 1971 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து வீடு வீடாகப் போய் மக்களைப் பதிவு செய்தன. யாருக்கு உண்மையான ஊசி, யாருக்குப் போலி ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிசிஜியின் இரண்டு வகைகளை இரண்டு அளவுகளில் சோதித்தார்கள். ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு முடிவு வந்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த கணக்கில் ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கும், போலி ஊசி போட்ட 88,391 பேரில் 499 பேருக்கும் காசநோய் வந்திருந்தது.

இதே ஊசிதான் பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த பிள்ளைகளுக்குப் போட்டபோது நோயை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளிடம் ஐந்தில் ஒரு பங்காக்கியது. ஒரே ஊசி ஓரிடத்தில் காக்கிறது, இன்னோர் இடத்தில் கைவிடுகிறது. ஏன்?

இப்படிப்பட்ட கேள்வியை எண்களைக் கொண்டு விசாரிக்கும் முறைக்கு மெட்டா ரிக்ரெஷன் என்று பெயர். பிசிஜி ஆய்வுகள் அந்த முறையின் பாடப்புத்தக உதாரணமாகவே ஆகிவிட்டன. 1994இல் ஹார்வர்டைச் சேர்ந்த கிரஹாம் கோல்டிட்ஸும் குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அடுத்த ஆண்டே அதே குழுவைச் சேர்ந்த புள்ளியியலாளர் கேத்தரின் பெர்க்கி, இந்தத் தரவை வைத்து முறையை விளக்கி எழுதினார். அதில் உள்ள 13 ஆய்வுகளின் எண்கள் இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுப் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை வைத்தே ஒரு முறை கணக்கை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி, ஒவ்வோர் ஆய்வையும் ஒரே எண்ணாக்குவது. ஊசி போட்டவர்களில் நோய் வந்த விகிதத்தை, போடாதவர்களில் நோய் வந்த விகிதத்தால் வகுத்தால் ஆபத்து விகிதம் கிடைக்கும். 1 என்றால் ஊசியால் ஒரு மாற்றமும் இல்லை. 0.5 என்றால் நோய் பாதியாகிறது. செங்கல்பட்டுக்கு இது 1.01, பிரிட்டனுக்கு 0.24, கனடாவுக்கு 0.20. ஆந்திரத்து மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்து டென்மார்க் மருத்துவர் பிரிமோட்-மொல்லர் நடத்திய ஆய்வுக்கு 0.80. கணக்கில் இந்த விகிதத்தை அப்படியே எடுப்பதில்லை, அதன் மடக்கையை எடுப்பார்கள். பாதியாவதும் (0.5) இரட்டிப்பாவதும் (2) பூச்சியத்திலிருந்து ஒரே தூரத்தில் அமைவது மடக்கையில்தான்.

இரண்டாவது, ஒவ்வோர் எண்ணையும் எவ்வளவு நம்பலாம் என்பது. நோயாளிகள் அதிகம் இருந்தால் எண் உறுதியானது, குறைந்தால் ஆட்டம் காணும். செங்கல்பட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில் ஊசி போட்ட 2,498 பேரில் 5 பேர், போடாத 2,341 பேரில் 3 பேர், மொத்தமே எட்டு நோயாளிகள். அங்கே ஆபத்து விகிதம் 1.56 என்று வருகிறது. அதாவது ஊசி போட்டவர்களுக்கு நோய் கூடியதுபோல் தெரிகிறது. ஆனால் இரண்டு பேர் கூடிக் குறைந்திருந்தால் அந்த எண்ணே தலைகீழாகியிருக்கும். இந்த ஆட்டத்தின் அளவை ஒவ்வோர் ஆய்வுக்கும் தனியே கணித்து, அதற்கேற்ப எடை கொடுக்கிறோம்.

இந்த 13 ஆய்வுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆபத்து விகிதம் 0.49. ஊசி நோயைப் பாதியாக்குகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இந்தச் சராசரிக்குப் பின்னால் இருக்கும் சிதறலைப் பார்க்க வேண்டும். ஆய்வுகளுக்கு இடையேயான உண்மையான வேறுபாட்டை டோ-ஸ்கொயர் என்ற எண்ணால் அளப்பார்கள், இங்கே அது 0.31. எதேச்சையான ஆட்டத்தைத் தாண்டிய வேறுபாடுதான் மொத்தச் சிதறலில் 92 சதவீதம். இதன் பொருளை இப்படிச் சொன்னால் விளங்கும்: புதிதாக ஓர் ஊரில் பிசிஜி ஆய்வு நடத்தினால், அங்கே ஆபத்து விகிதம் ஏறக்குறைய 0.15இலிருந்து 1.55 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். பெரும் காப்பும் அதற்குள் அடங்கும், காப்பே இல்லாமையும் அதற்குள் அடங்கும். ஆவடிக்கு எது பொருந்தும் என்று கேட்கும் சுகாதார அதிகாரிக்கு 0.49 என்ற சராசரி ஒரு பதிலும் தராது.

எனவே சராசரியை விட்டுவிட்டு, வேறுபாட்டையே விளக்க முயல்கிறோம். ஒவ்வோர் ஆய்வுக்கும் உரிய ஏதாவது ஒரு பண்பைப் படத்தின் கீழ் அச்சிலும், ஆபத்து விகிதத்தின் மடக்கையைச் செங்குத்து அச்சிலும் வைத்து, புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போடுகிறோம். சாதாரண ரிக்ரெஷனில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு ஆய்வு. பிசிஜிக்கு எடுத்த பண்பு, ஆய்வு நடந்த இடத்தின் அட்சரேகை. வடக்கோ தெற்கோ, நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும் கணக்கு. செங்கல்பட்டும் மதனப்பள்ளியும் 13 டிகிரி, கோவில்பதாகை ஏரிக்கரையும் அதே 13தான். பிரிட்டன் 52, கனடா 55. தென்னாப்பிரிக்கா தெற்கே இருந்தாலும் 27 என்றே வரும்.

ஆர் மொழியில் இதற்கு மூன்று வரி போதும்:

```
library(metafor)
dat <- escalc(measure="RR", ai=tpos, bi=tneg, ci=cpos, di=cneg, data=dat.bcg)
rma(yi, vi, mods = ~ ablat, data=dat)
```

விடையில் இரண்டு எண்கள் முக்கியம். கோட்டின் தொடக்கம் 0.2515, சாய்வு -0.0291. நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு டிகிரி விலக விலக ஆபத்து விகிதத்தின் மடக்கை 0.0291 இறங்குகிறது. பத்து டிகிரிக்கு ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று இதைச் சொல்லலாம். 13 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள்: 0.0291ஐ 13ஆல் பெருக்கி 0.2515இலிருந்து கழித்தால் -0.127, அதை மடக்கையிலிருந்து மீட்டால் 0.88. நம் பக்கத்துக்குக் கோடு தரும் கணிப்பு அதுதான், சொற்பக் காப்பு. 44 டிகிரிக்குப் போட்டால் 0.36. 55க்கு 0.26. சாய்வின் நம்பிக்கை இடைவெளி -0.043 முதல் -0.015 வரை, பூச்சியத்தைத் தொடவில்லை. விளக்கப்படாமல் மிஞ்சிய டோ-ஸ்கொயர் 0.31இலிருந்து 0.076ஆக இறங்கியது. ஆய்வுகளுக்கு இடையேயான வேறுபாட்டில் முக்கால் பங்கை அட்சரேகை ஒன்றே தாங்கிக்கொண்டது. கோல்டிட்ஸ் குழு தம் அசல் கட்டுரையில், அட்சரேகையையும் ஆய்வின் தர மதிப்பெண்ணையும் சேர்த்து, வேறுபாட்டில் 66 சதவீதம் விளங்குகிறது என்று எழுதியது. கணக்குமுறை சற்று மாறினால் சதவீதமும் மாறும், ஆனால் கோடு சாயும் திசை மாறவில்லை.

இங்கே எடை கொடுக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் செங்கல்பட்டின் கதி அதில்தான் இருக்கிறது. 13 ஆய்வுகளின் மொத்த ஆட்கள் 3,57,347. அதில் பாதிப்பேர் செங்கல்பட்டுக்காரர்கள். அந்தந்த ஆய்வின் உறுதியை மட்டும் வைத்து எடை கொடுத்தால், எட்டு நோயாளிகள் இருந்த ஜார்ஜியா ஆய்வைப்போல் நூறு மடங்குக்கும் மேல் எடை செங்கல்பட்டுக்குப் போகும். கோட்டை அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். மெட்டா ரிக்ரெஷனோ, கோட்டால் விளக்க முடியாத மிச்ச வேறுபாட்டை ஒவ்வோர் ஆய்வின் ஆட்டத்தோடும் கூட்டுகிறது. அப்படிக் கூட்டியபின் செங்கல்பட்டின் எடை ஜார்ஜியாவினுடையதைவிட ஏழெட்டு மடங்குதான். எத்தனை பெரிய ஆய்வானாலும், அது ஓரிடத்தைப் பற்றியதுதான் என்ற ஒப்புதல் இந்தக் கூட்டலுக்குள் இருக்கிறது. இந்த மிச்சத்தைக் கூட்டாமல் போடும் கோடு தன்னைப் பற்றி அளவுக்கு மீறி நிச்சயமாகப் பேசும், சாய்வின் நம்பிக்கை இடைவெளி பொய்யாகச் சுருங்கிவிடும். தொகுப்பாய்வு படிக்கும் எவரும் முதலில் தேட வேண்டிய தவறு இது.

கோடு போட்டதும் அடுத்த வேலை, அதற்கு அடங்காத ஆய்வுகளைத் தேடுவது. ஹைட்டியில் நடந்த ஆய்வு 19 டிகிரியில் இருக்கிறது. கோடு அங்கே 0.74 என்று கணிக்கிறது, கிடைத்ததோ 0.20, கனடாவுக்கு இணையான காப்பு. ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த பெரிய ஆய்வு 33 டிகிரி. அங்கே 0.49 வந்திருக்க வேண்டும், வந்தது 0.98, கிட்டத்தட்ட செங்கல்பட்டு மாதிரி. ஹைட்டியில் நோயாளிகள் 18 பேர்தான், எதேச்சை என்று ஒருவேளை விட்டுவிடலாம். ஆனால் ஜார்ஜியா-அலபாமாவில் 56 நோயாளிகள். அட்சரேகை சொல்லாத வேறு ஏதோ அங்கே இருந்திருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய 0.076 என்பது இதுபோன்ற ஆய்வுகள் சேர்ந்து எழுப்பும் குரல்.

அட்சரேகை தானாக எதையும் செய்வதில்லை. பூமியின்மேல் நாம் வரைந்த கற்பனைக் கோடு நுரையீரலுக்குள் போய்க் கிருமியைத் தடுக்கவோ அனுமதிக்கவோ முடியாது. அது வேறொன்றின் பினாமி. எதன் பினாமி என்பதில்தான் அரை நூற்றாண்டு வாதம் நடந்திருக்கிறது.

மிகவும் வலுவான விளக்கம் மண்ணையும் நீரையும் சேர்ந்தது. காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான பல நுண்ணுயிர்கள் வெப்பமான, ஈரமான நிலத்தில், ஏரியிலும் குளத்திலும் வயலிலும், ஏராளமாக வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நோய் தருவதில்லை. ஆனால் அவற்றோடு வளரும் குழந்தையின் உடல், பள்ளி வயதுக்கு முன்பே அந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுகொண்டுவிடுகிறது. செங்கல்பட்டு ஆய்வாளர்கள் காசநோய் டியூபர்குலினோடு, இந்த உறவுக் கிருமிகளிலிருந்து எடுத்த இன்னொரு பொருளையும் தோலில் குத்திச் சோதித்தார்கள். வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் தோல் அதற்கு எதிர்வினை காட்டியது. இதை வைத்து இரண்டு விதமாக வாதிடலாம். உறவுக் கிருமிகள் ஏற்கனவே ஓரளவு காப்பைத் தந்துவிட்டதால், பிசிஜி கூடுதலாகத் தருவது கணக்கில் தெரியாமல் மறைகிறது என்பது ஒன்று. பழக்கப்பட்ட உடல், உயிருள்ள தடுப்பூசிக் கிருமியை வளரவிடாமல் சீக்கிரமே அழித்துவிடுகிறது, அதனால் காப்பு உருவாகவே தடை விழுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆய்வகத்தில் விலங்குகளிடம் ஆதரவு கிடைத்திருக்கிறது. 13 புள்ளிகள் கொண்ட கோட்டால் இவற்றுள் எது சரி என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே ஒரே சாய்வைத்தான் கணிக்கின்றன.

இன்னொரு சிக்கல் இதைவிட நுணுக்கமானது. வடக்கே நடந்த ஆய்வுகள் குளிர்நாட்டில் நடந்தன என்பதோடு முடியவில்லை, அவற்றில் சேர்ந்தவர்களே வேறு மாதிரியானவர்கள். கனடாவில் கைக்குழந்தைகள். பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள், அதுவும் டியூபர்குலின் சோதனையில் தொற்று இல்லை என்று உறுதியானவர்கள் மட்டும். செங்கல்பட்டில் ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை ஊரே சேர்ந்தது, ஏற்கனவே காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர்களுக்கும் ஊசி விழுந்தது. கிருமி புகுந்துவிட்ட உடலில் தடுப்பூசியிடம் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஆக, 13 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது மண் மட்டும் மாறவில்லை, ஊசி போட்டுக்கொண்டவர்களின் வயதும் முன்தொற்றும் சேர்ந்தே மாறுகின்றன. இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் எது காரணம் என்று கோட்டுக்குத் தெரியாது.

2014இல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் புனம் மங்தானியும் குழுவினரும் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார்கள். பழைய ஆய்வு அறிக்கைகளைத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஊசி போட்ட வயது என்ன, ஏற்கனவே தொற்று இருந்தவர்களை எவ்வளவு கண்டிப்பாக விலக்கினார்கள் என்று பதிவு செய்தார்கள். நுரையீரல் காசநோய்க்கு எதிராக, தொற்று இருந்தவர்களைக் கண்டிப்பாகச் சோதித்து விலக்கியபின் எஞ்சிய பள்ளிப் பிள்ளைகளிடம் ஆபத்து விகிதம் 0.26, கைக்குழந்தைகளிடம் 0.41. அவ்வளவு கண்டிப்பில்லாமல் எடுத்த பிள்ளைகளிடம் 0.59. வயது கூடியவர்களிடம் 0.8க்கும் மேல், சோதித்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். இந்தப் பண்புகளை அட்சரேகையோடு ஒன்றாகக் கோட்டில் வைத்தபோது ஒவ்வொன்றின் வலுவும் குறைந்தது. ஆனால் எதுவும் முற்றிலும் மறையவில்லை, அட்சரேகை உட்பட. 1994இல் அட்சரேகை சுமந்த பாரத்தின் ஒரு பகுதி உண்மையில் வயதுக்கும் முன்தொற்றுக்கும் உரியது என்று இதிலிருந்து தெரிகிறது. மீதி இன்னும் அதனிடமே இருக்கிறது.

இப்படி ஒவ்வொரு பண்பாகச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். ஆய்வு வெளிவந்த ஆண்டு, ஊசியின் வகை, குலுக்கல் முறை, குளிர்பதனம் என்று சேர்க்க எத்தனையோ உண்டு. கையில் இருப்பது 13 புள்ளிகள். அட்சரேகையோடு ஆண்டையும் சேர்த்து நான் சொன்ன அதே கணக்கைப் போட்டால், ஆண்டின் சாய்வு பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. அதுமட்டுமல்ல, விளங்காத மிச்சம் 0.076இலிருந்து 0.11ஆகக் கூடுகிறது, விளங்கிய பங்கு முக்கால்வாசியிலிருந்து 65 சதவீதத்துக்கு இறங்குகிறது. கூடுதல் தகவல் கொடுத்தும் விளக்கம் குறைந்ததா என்று முதல்முறை பார்ப்பவர் திகைப்பார். இவ்வளவு குறைந்த ஆய்வுகளை வைத்து மிச்ச வேறுபாட்டை மதிப்பிடும்போது அந்த மதிப்பீடே இப்படித் தள்ளாடும். அதனால்தான் ஒரு பண்புக்குக் குறைந்தது பத்து ஆய்வுகளாவது வேண்டும் என்று தொகுப்பாய்வு வழிகாட்டிகள் சொல்கின்றன. பொருத்தமற்ற பண்புகள் இருபதை ஒவ்வொன்றாகச் சோதித்தால், சராசரியாக ஒன்று 'முக்கியமானது' என்று பொய்யாக எழுந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. 13 அட்சரேகைகளையும் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி, ஆய்வுகளுக்கு மாற்றி மாற்றி ஒட்டி, ஆயிரக்கணக்கான பொய்க் கோடுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையான சாய்வு அந்தப் பொய்ச் சாய்வுகளின் கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே அதன் வலு. அதோடு, எந்தப் பண்பைச் சோதிக்கப் போகிறோம் என்று எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். அட்சரேகைக்கு இந்தத் தகுதி ஓரளவு உண்டு. நடுக்கோட்டுக்கு அருகே பிசிஜி தளர்கிறது, அதற்கு உறவுக் கிருமிகள் காரணமாகலாம் என்ற ஐயம் இந்தக் கோட்டைப் போடுவதற்குப் பல காலம் முன்பே இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மெட்டா ரிக்ரெஷன் தாண்ட முடியாத ஒரு வேலி இருக்கிறது. அது ஆய்வுகளை ஒப்பிடுகிறதே தவிர ஆட்களை ஒப்பிடுவதில்லை. சின்ன வயதினர் அதிகம் இருந்த ஆய்வுகளில் காப்பு அதிகம் என்று கண்டால், சின்ன வயதினருக்குக் காப்பு அதிகம் என்று சொல்லிவிட மனம் பரபரக்கும். ஆனால் அந்த ஆய்வுகள் வேறு நாட்டில், வேறு ஆண்டில், வேறு ஊசியோடு நடந்தவை. வயதுதான் காரணமா என்று அறிய வேண்டுமானால், ஒரே ஊரில், ஒரே ஊசியை, ஒரே குலுக்கலில் போட்டுக்கொண்ட சிறுவரையும் பெரியவரையும் ஒப்பிட வேண்டும். அப்போது மண்ணும் ஏரியும் இருவருக்கும் ஒன்று, அட்சரேகையும் ஒன்று.

செங்கல்பட்டில் அது முடியும், ஏனென்றால் அங்கே எல்லா வயதினரும் சேர்ந்திருந்தார்கள். அதே கிராமங்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, முடிவை 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்குக் காப்பு இல்லை. சிறுவர்களுக்கு 27 சதவீதம் காப்பு இருக்கலாம் என்று எண்கள் காட்டின, ஆனால் அதன் நம்பிக்கை இடைவெளி பூச்சியத்துக்குக் கீழே -8இலிருந்து 50 சதவீதம் வரை நீண்டது. மங்தானி குழு ஆய்வுகளுக்கு இடையே கண்ட திசையிலேயே இதுவும் சாய்கிறது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கைதான் போதவில்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளை உறைக் காசநோயையும், உடல் முழுவதும் பரவும் கடுங்காசத்தையும் பிசிஜி நன்றாகத் தடுக்கிறது என்பதற்கான ஆதாரம் வேறு ஆய்வுகளிலிருந்து வந்தது. கோவில்பதாகையில் பிறக்கும் குழந்தைக்கு இன்றும் முதல் நாட்களிலேயே, மண்ணின் கிருமிகளோடு பழகத் தொடங்கும் முன்பே, ஊசி போடுவது அந்த ஆதாரத்தின் பேரில்தான். பெரியவர்களின் நுரையீரல் காசத்துக்கு இந்த 13 டிகிரியில் எது காப்பு என்ற கேள்விக்கு, அந்தக் கோடு கொடுத்த 0.88 பதிலாகாது.